சிங்க் கீழ இழுக்கற குப்பைத் தொட்டி: கதவுல மாட்டறதா, சேனல்ல ஓட்டறதா? எல்லாரும் கேக்கற கேள்விகள்

பதினோரு வருஷமா மாடுலர் கிச்சன் பிட்டிங் வேலை. வீட்டுக்கு வீடு இதே சந்தேகம்தான், போன்லயும் இதேதான், அதனால எனக்கு வந்த கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டு பதிலும் எழுதிட்டேன். முதல்ல இருந்து படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னத திரும்ப சொல்லல.

அண்ணா, இந்த புல் அவுட் பின்ல ரெண்டு வகைன்னு சொல்றாங்களே, அடிப்படையா என்ன வித்தியாசம்?

கதவுல மாட்டறதுன்னா தொட்டி உங்க ஷட்டரோட உள்பக்கத்துல தொங்கும். கதவத் திறந்தா கதவோட சேந்து வளைஞ்சு வெளிய வரும், மூடி மட்டும் தானா தூக்கிக்கும். பெரும்பாலும் உருண்டையா, 8ல இருந்து 12 லிட்டர்க்குள்ள இருக்கும். சேனல்ல ஓடறதுன்னா ட்ராயர் மாதிரி நேரா முன்னாடி வரும், ஒரு கம்பி பிரேம், அதுக்குள்ள ஒண்ணோ ரெண்டோ சதுர பக்கெட், அடியில இல்லன்னா பக்கத்துல பால் பேரிங் சேனல்.

எடை எங்க போகுதுங்கறதுதான் உண்மையான வித்தியாசம். முதல் வகைல ஹிஞ்ச் தாங்கணும், ரெண்டாவதுல கேபினட்டோட தரைப் பலகையோ பக்கப் பலகையோ தாங்கும். கீழ வர்ற பாதி பிரச்சனை இதுல இருந்துதான் கிளம்புது.

பெட்டி மேல டோர் மவுண்ட்னு போட்டிருந்துச்சு, பிரிச்சா உள்ள சேனல் இருக்கு. மாத்திக் குடுத்துட்டாங்களா?

இல்லைங்க, அனேகமா சரியாத்தான் குடுத்திருக்காங்க. இந்த பேர்ல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. வெளிநாட்டு மாடல்ல நிறைய பேர் டோர் மவுண்ட் கிட்னு சொல்றது சேனல் வகையத்தான், அதாவது பிரேம் முன்னாடி ரெண்டு பிராக்கெட் வச்சு உங்க ஷட்டர ஹிஞ்ச்ல இருந்து கழட்டி அந்த பிரேம்லயே திருகிடுவீங்க, அப்புறம் கைப்பிடிய இழுத்தா ஷட்டரும் தொட்டியும் ஒண்ணா ட்ராயர் மாதிரி வரும். நம்ம கடைக்காரங்க கதவுல தொங்கறத ஸ்விங் பின்னுன்னும் சொல்றாங்க, டோர் பின்னுன்னும் சொல்றாங்க.

அதனால பேர நம்பாதீங்க. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இத மாட்டினப்பறம் என் கதவு ஹிஞ்ச்லயே திரும்புமா, இல்ல நேரா வெளிய வருமா? இந்தப் பக்கம் பூரா நான் கதவுல மாட்டறதுன்னு சொல்றது ஹிஞ்ச்ல திரும்பற வகைய மட்டும்தான்.

வளவளன்னு வேணாம் சார், எத வாங்கலாம், ஒரே வரில சொல்லுங்க.

கதவு நல்ல பிளைவுட்ல இருந்து, ஈரக்குப்பைய தினம் காலைல வெளிய போட்டுடுவீங்கன்னா கதவுல மாட்டற சின்னது போதும். ரெண்டு தொட்டி வேணும், இல்ல குப்பை ரெண்டு நாள் தங்கும்னா, அடியில மாட்டற சேனல் வகை.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி சிங்க்ல இருந்து தண்ணி வடியற வழில இருக்கற உங்க பாட்டில் ட்ராப் எங்க தொங்குதுன்னு பாக்கணும், ஏன்னா பல வீட்ல முடிவ நாம எடுக்கறதில்ல, பைப்பு எடுக்குது.

சிங்க் அடியில பைப்பு, வால்வு எல்லாம் இருக்கே, எது உள்ள போகும்னு எப்படி அளக்கறது?

போன மாசம் ஒரு பிளாட்ல அளந்ததையே சொல்றேன், நம்ம ஊர்ல பாதி கிச்சன் இந்த அளவுதான். 900 மிமீ அகல கேபினட், ரெண்டு ஷட்டர், 18 மிமீ பிளைவுட், அப்ப உள் அகலம் 864. உயரம் 720, தரைப் பலகை தடிமன் போனா உள்ள 702. சிங்க் 24க்கு 18 இன்ச், 9 இன்ச் ஆழம், கிரானைட்டுக்கு அடியில ஒட்டினது, அப்ப சிங்க்கோட அடி மேல இருந்து சுமார் 230 மிமீல வந்து நிக்குது. அதுக்கு கீழ கப்ளிங், அதுக்கு கீழ பாட்டில் ட்ராப், ரெண்டும் சேந்து இன்னொரு 200. ஆக நடுவுல தரைல இருந்து 270 மிமீதான் காலி, ஆனா ட்ராப்புக்கு பக்கத்துல போனா சிங்க் அடி வரைக்கும் 470 மிமீ காலியா இருக்கு. அந்தம்மா நடுவுலயே வைங்கன்னு கேட்டாங்க, 350 மிமீ உயர பக்கெட் அங்க போகவே போகாது.

அகலத்துக்கு வாங்க. ட்ராப் சரியா நடுவுல, 432ல. அதோட பாதி தடிமனும் கை விடற இடமும்னு ஒரு 60 கழிச்சா இடது பக்கம் 370 மிமீ கெடச்சுது. ஆழம் உள்ள 560, ஆனா பின் சுவத்துல ஆங்கிள் வால்வும் அதுல இருந்து மேல போற ஓஸும் 90 மிமீ முன்னாடி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அப்ப 20 இன்ச் சேனல் அவுட், 18 இன்ச் சேனல்தான். 300 மிமீ அகல பிரேம், 18 இன்ச் நீளம், 350 உயர பக்கெட், அடியில ரெயில் ஒரு 50 ஏத்தி வச்சாலும் 400தான், சிங்க் அடிக்கு 70 மிமீ பாக்கி. கச்சிதமா உக்காந்துச்சு.

நீங்க டேப் புடிச்சு அளந்தாலும் கடைசியா ஒண்ணு பண்ணுங்க, வாங்கப்போற தொட்டி அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டிய வெட்டி உள்ள வச்சு இழுத்துப் பாருங்க. டேப்ல தப்பிச்ச ஓஸ் வளைவு அட்டைல மாட்டிக்கும். இன்னொண்ணு, அளக்கும்போது உள்ள இருக்கற பழைய பினாயில் பாட்டில், சிலிண்டர் ரெகுலேட்டர் கவர், மடிச்சு வச்ச துணிப்பை எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு அளங்க, எடுக்காம அளந்துட்டு இடம் இல்லைன்னு சொன்னவங்க நாலு பேர் இருக்காங்க.

கதவுல மாட்டினா கதவு தொங்கிடும்னு பயமுறுத்தறாங்க, நெஜமா?

நெஜம்தான், ஆனா ஏன்னு தெரிஞ்சா தடுக்கலாம். 450க்கு 720 அளவு, 18 மிமீ ஷட்டர் ஒண்ணு சுமார் 4 கிலோ. சாதாரண கப் ஹிஞ்ச் ரெண்டு இருந்தா ஏறக்குறைய 6 கிலோ கதவு வரைக்கும்தான் கணக்கு, அதுக்கு மேல போனா மூணு போடச் சொல்வாங்க. இப்ப 10 லிட்டர் தொட்டில ஈரக்குப்பை ரொம்பிச்சுன்னா 5 கிலோ வந்துடும், தொட்டியும் பிரேமும் ஒரு கிலோ, அப்ப 4 கிலோ கதவு 10 கிலோ ஆகிடுச்சு. அதுவும் தினம் இருவது தடவ திறந்து மூடற கதவு.

என் சொந்த வீட்லயே இந்த தப்ப பண்ணேன், வெக்கமாத்தான் இருக்கு. பார்ட்டிகிள் போர்டு ஷட்டர், ரெண்டு ஹிஞ்ச், 12 லிட்டர் தொட்டி. எட்டாவது மாசம் பாத்தா ரெண்டு கதவுக்கும் நடுவுல இருந்த கோடு மேல ஒல்லியா கீழ அகலமா இருந்துச்சு, கைப்பிடி ஒண்ணு மேல ஒண்ணு கீழ. ஒரு நாள் மேல் ஹிஞ்ச் ஸ்க்ரூ ரெண்டும் மரத்தூளோட வெளிய வந்துடுச்சு. மேல் ஹிஞ்ச்தான் எப்பவும் மொதல்ல போகும், ஏன்னா எடை கதவ வெளிய சாய்க்கும்போது மேல இருக்கறது இழுபடும், கீழ இருக்கறது அமுங்கும்.

அதனால கதவுல மாட்டறதுன்னு முடிவு பண்ணா மூணாவது ஹிஞ்ச் போடுங்க, நடுவுல இல்ல, மேல் ஹிஞ்சுக்கு ஒரு ஜாண் கீழ. பார்ட்டிகிள் போர்டுன்னா நான் கதவுல மாட்டவே மாட்டேன். இன்னொரு வழியும் இருக்கு, சில மாடல்ல தொட்டி கதவுலயே தொங்காது, கேபினட் பக்கப் பலகைல ஒரு கைல தொங்கும், கதவு ஒரு கொக்கில அத இழுக்க மட்டும் செய்யும். பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா எடை ஹிஞ்சுக்கு போகாது. கெடச்சா அத வாங்குங்க.

எங்க வீட்ல ஏற்கனவே தொங்கிடுச்சு தம்பி, கதவ மாத்தணுமா?

மொதல்ல தொட்டிய கழட்டிட்டு கதவ மூடிப் பாருங்க. கோடு நேரா வந்துட்டா ஹிஞ்ச் நல்லாத்தான் இருக்கு, எடைதான் அதிகம், சின்ன தொட்டி போட்டா போதும். கழட்டியும் சாஞ்சே இருந்தா ஹிஞ்ச்ல முன்னாடி இருக்கற ஸ்க்ரூவத் திருப்புங்க, அது கதவ இடது வலது நகத்தும், மேல் ஹிஞ்ச்ல கொஞ்சம் உள்ள இழுத்து கீழ் ஹிஞ்ச்ல கொஞ்சம் விட்டா நேராகும். கால் கால் சுத்தா திருப்பி ஒவ்வொரு தடவையும் மூடிப் பாருங்க.

ஸ்க்ரூவ திருகினா புடிக்காம வெறுமனே சுத்துதுன்னா ஓட்டை போயிடுச்சு. பிளைவுட்ல பெவிகால் தொட்ட மரக்குச்சிய இறுக்கமா அடிச்சு, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் திரும்ப ஸ்க்ரூ போட்டா புடிக்கும். பார்ட்டிகிள் போர்டுல குச்சி நிக்காது, ஹிஞ்சுக்குன்னே ரிப்பேர் ஸ்டீல் தகடு விக்குது, அத போட்டு கதவ காப்பாத்திட்டு தொட்டிய சேனலுக்கு மாத்திடுங்க. நீளமான ஸ்க்ரூ போட்டா நிக்குமேன்னு மட்டும் யோசிக்காதீங்க, 18 மிமீ கதவுல அது மைக்காவ குத்திக்கிட்டு வெளிய எட்டிப் பாக்கும். 16 மிமீதான் எல்லை.

கதவுல மாட்டறதெல்லாம் ஏன் உருண்டையா இருக்கு? சதுரமா இருந்தா ஜாஸ்தி புடிக்குமே?

புடிக்கும், ஆனா வெளிய வராது. கதவு திரும்பும்போது தொட்டி ஒரு வட்டத்துல சுத்துது, ஹிஞ்ச்ல இருந்து ரொம்ப தூரத்துல இருக்கற முனைதான் எதிர்ப் பலகைய இடிக்கும். ஒரு கதவு உள்ள 450 கேபினட்ட எடுத்துக்கங்க, உள் அகலம் 41.4 செ.மீ. தொட்டியோட நடு ஹிஞ்ச்ல இருந்து 20 செ.மீ., கதவுல இருந்து 14 செ.மீ. உள்ளன்னு வைங்க. அகலம் 26 செ.மீ. உள்ள உருண்டைத் தொட்டின்னா அதோட தூரமான புள்ளி ஹிஞ்ச்ல இருந்து 37 செ.மீ.க்கு கொஞ்சம் மேல, தாராளமா திரும்பும். அதே 26 செ.மீ. சதுரத் தொட்டின்னா மூலை 42.6 செ.மீ.ல இருக்கு, எதிர்ப் பலகைய இடிச்சு நிக்கும், ஒரு செ.மீ. கொஞ்சம் மேலதான் பத்தல ஆனா பத்தல.

ரெண்டு கதவு கேபினட்ல எதிர்ப் பலகை இல்லாததால சதுரம் திரும்பும்னு வச்சுக்கலாம், ஆனா அங்க ட்ராப் நிக்குதே. அங்கயும் அட்டைப்பெட்டிய கதவுல டேப் போட்டு ஒட்டி திறந்து பாத்துடுங்க, கணக்கே வேணாம்.

சேனல் வகைல அடியில மாட்டறதா, பக்கத்துல மாட்டறதா, எது நல்லது?

சிங்க் கேபினட்டுக்கு அடியில மாட்டறதுதான். பக்கத்துல மாட்டணும்னா ரெண்டு பக்கமும் பலகை வேணும், மேல சொன்ன 900 கேபினட்ல இடது பக்கம் பலகை இருக்கு, வலது பக்கம் வெறும் காத்துதான் இருக்கு, சேனல எதுல திருகுவீங்க? நடுவுல ஒரு பார்ட்டிஷன் அடிச்சா ஆகும், ஆனா நாளைக்கு பிளம்பர் வந்து ட்ராப்ப கழட்டணும்னா உங்க பார்ட்டிஷனத்தான் மொதல்ல திட்டுவாரு. 400, 450 மாதிரி ஒத்தக் கதவு கேபினட்னா பக்கத்துல மாட்டலாம், ரெண்டு பக்கமும் அரை இன்ச் சேனலுக்கு போகும், அதாவது பிரேம் அகலம் உள் அகலத்த விட ஒரு இன்ச் கம்மி, கரெக்டா. பலகை முன்னாடி ஒரு அளவு பின்னாடி ஒரு அளவுன்னு விரிஞ்சிருந்தா சேனல் பாதில இறுகிடும், அதனால ரெண்டு எடத்துலயும் அளங்க.

அடியில மாட்டறதுல ஒரே பலவீனம், சிங்க் லீக் ஆனா தண்ணி மொதல்ல போய் நிக்கற எடம் அந்த தரைப் பலகைதான். ஸ்க்ரூ ஓட்டைல தண்ணி எறங்கினா பலகை உப்பும், உப்பினா ரெயில் சாயும். நான் ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டைலயும் ஒரு சொட்டு சிலிக்கான் விட்டுட்டுத்தான் திருகறது, அதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

கதவ திறந்துட்டு இழுத்தா தொட்டி ஹிஞ்ச்ல இடிக்குது, கார்ப்பெண்டர் தப்பா மாட்டிட்டாரா?

பாதி தப்பு அவரோடது, பாதி அளந்தவரோடது. கதவு நேரா 90 டிகிரில நிக்கும்போது ஹிஞ்ச் உடம்பும் கதவோட தடிமனும் சேந்து ஓப்பனிங்குக்குள்ள 1ல இருந்து 2 செ.மீ. வரைக்கும் நீட்டிக்கிட்டு நிக்கும். பிரேம பக்கப் பலகையோட ஒட்டி மாட்டினா பக்கெட்டோட மேல் விளிம்பு போய் அதுல இடிக்கத்தான் செய்யும்.

பிரேம கழட்டி ஹிஞ்ச் பக்கத்துல இருந்து 2 செ.மீ. தள்ளி மறுபடி திருகறதுதான் சுலபமான வழி, இடம் இருந்தா. பக்கத்துல மாட்டின சேனல்னா பின்னாடி 18 மிமீ பிளைவுட் பட்டை ஒண்ணு பேக்கிங் குடுங்க, அந்த அளவுக்கு பிரேமும் குறுகணும்னு மறந்துடாதீங்க. ரெண்டுக்கும் இடம் இல்லன்னா 165 டிகிரி ஹிஞ்ச் போட்டா கதவு நல்லா மடிஞ்சு ஓரம் போயிடும், ஆனா பக்கத்துல சுவரோ பிரிட்ஜோ இருந்தா அதுக்கு மேல திறக்காது, பாத்துக்கங்க.

எங்களுது மாடுலர் இல்லைங்க, கடப்பா கல் மேடை, முன்னாடி பிவிசி கதவு. எங்களுக்கு எது?

கதவுல மாட்டற பேச்சே வேணாம். பிவிசி ஷட்டர் உள்ள கூடுதான், ஸ்க்ரூ புடிக்க ஒண்ணும் இல்ல, ஒரு மாசத்துல தொட்டி கைல வரும் கதவும் கூடவே வரும். கதவு சுத்தி இருக்கற அலுமினிய பிரேமும் அதுக்கான ஹிஞ்சும் அந்த எடைக்கு செஞ்சது இல்ல.

அடியில மாட்டற சேனல் வகை நல்லா வரும், ஆனா டைல்ஸ்ல நேரா ஓட்டை போடாதீங்க. 18 மிமீ டபிள்யூபிசி பலகை ஒண்ண தொட்டி பிரேம விட ஒரு சாண் அகலமா வெட்டி தரைல வச்சு அதுல சேனலத் திருகிடுங்க. கதவு பிரேமோட கீழ் கட்டை தரைய விட ஒரு இன்ச்சோ ஒன்றரை இன்ச்சோ மேல இருக்கும், பலகைக்கு அடியில அந்த அளவுக்கு கட்டை குடுத்து தூக்குங்க, இல்லன்னா தொட்டி முன்னாடி வந்து கட்டைல முட்டிக்கிட்டு நிக்கும். பலகை நகராம இருக்க நாலு மூலைல சிலிக்கான் ஒட்டு போதும், ஆனா முழு நீளம் இழுத்தா முன்னாடி கவுறுமான்னு அஞ்சு கிலோ அரிசி வச்சு பாத்துடுங்க. கவுந்தா பலகைய பின் சுவர் வரைக்கும் நீட்டி பின்பக்கம் மட்டும் ரெண்டு பிளக் அடிச்சு புடிங்க, அடிக்கறதுக்கு முன்னாடி பைப்பு எந்தப் பக்கம் போகுதுன்னு பிளம்பர்கிட்ட கேட்டுட்டு.

கடப்பாவுல நடுவுல ஒரு தட்டு இருந்தா அதுக்கு கீழ எவ்வளவு உயரம்னு பாருங்க, பல வீட்ல ஒரு அடிதான் இருக்கும், அதுக்கு குட்டையான பக்கெட்தான்.

எத்தனை லிட்டர் வாங்கறது? ஈரம், உலர்ந்ததுன்னு பிரிக்க சொல்றாங்களே, ரெண்டு தொட்டி கட்டாயமா?

2016 திடக்கழிவு விதியிலயே ஈரக்குப்பை, உலர்ந்த குப்பை, வீட்ல வர்ற ஆபத்தான குப்பைன்னு மூணா பிரிச்சுத்தான் குடுக்கணும்னு இருந்துச்சு. அதனால பிரிக்கறது கட்டாயம்தான், ஆனா ரெண்டும் சிங்க் கீழதான் இருக்கணும்னு யாரும் சொல்லல. பால் கவர், அட்டைப்பெட்டி, பாட்டில் எல்லாம் நாறாது, அத யூட்டிலிட்டி பால்கனில ஒரு பைல வச்சுக்கலாம். ஈரக்குப்பைதான் காய் நறுக்கற எடத்துக்கு பக்கத்துல வேணும்.

எங்க வீட்ல நாலு பேர், ஒரு நாள் ஈரக்குப்பைய எடை போட்டுப் பாத்தேன், ஒண்ணே முக்கால் கிலோ. வாழைப்பூ உரிச்ச அன்னைக்கும் தேங்கா துருவின அன்னைக்கும் எடை ஏறல, ஆனா மடலும் மூடியும் தொட்டிய ரொப்பிடுச்சு. தினம் போடறவங்களுக்கு 8 லிட்டர் தாராளம். பெருசா வாங்கினா ரொம்பினப்பறம் போடலாம்னு தோணும், அங்கதான் நாத்தமும் ஹிஞ்ச் பிரச்சனையும் ஆரம்பிக்குது. ரெண்டு பக்கெட் சேனல் மாடல்னா ஈரத்துக்கு சின்னது, உலர்ந்ததுக்கு பெருசுன்னு வர்றத பாருங்க, ரெண்டும் ஒரே அளவுல வர்றதுல உலர்ந்தது மட்டும் பிதுங்கும்.

பிளாஸ்டிக் கவர் போடாம உள்ள என்ன விரிக்கறது? கம்பி பிரேம்ல எல்லாம் ஒழுகுதே.

2019 ஜனவரில இருந்து தமிழ்நாட்டுல கேரி பேக் தடை, அதுக்கு முன்னாடி எல்லாரும் மளிகைக் கடைக் கவரத்தான் போட்டுட்டு இருந்தாங்க. இப்ப செய்தித்தாள் ரெண்டு தாள் குறுக்கும் நெடுக்குமா விரிச்சா போதும், டீத்தூள், மீன் கழுவின செதில் மாதிரி சொட்டறத மட்டும் தனியா ஒரு தாள்ல மடிச்சுப் போடுங்க. சாம்பார் மிச்சம், கஞ்சி எல்லாம் வடிகட்டிட்டு போடணும், குப்பைத் தொட்டி கழனித் தொட்டி இல்ல.

வாங்கும்போது பக்கெட் தனியா தூக்கி எடுக்கற மாதிரி இருக்கான்னு பாருங்க. சில கதவு மாடல்ல வெளிய ஒரு ஸ்டீல் உருளை, உள்ள ஒரு பிளாஸ்டிக் பக்கெட்னு ரெண்டு இருக்கும், அது நல்லது, உள்ளத மட்டும் எடுத்துட்டு போய் கழுவலாம். ஒழுகினது பக்கெட்டுக்கும் உருளைக்கும் நடுவுல தேங்கும், வாரம் ஒரு தடவ உருளையையும் தொடைக்கணும்.

மூடி இருந்தும் கரப்பான் வருது, கதவத் திறந்தாலே நாத்தம். எந்த வகைல இது கம்மி?

மூடி விஷயத்துல கதவு வகைக்குத்தான் என் ஓட்டு. அதுல மூடி கேபினட் பக்கம் இருக்கற ஒரு கைல தொங்கும், கதவ மூடும்போது தொட்டி மேல சரியா வந்து உக்காரும். சேனல் வகைல பல மாடல்ல மூடியே கெடையாது, இல்லன்னா மேல ஒரு தட்டு மாதிரி பிக்ஸ் பண்ணி வச்சிருப்பாங்க, தொட்டி அதுக்கு அடியில போய் நிக்கும், நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி இருக்கத்தான் செய்யும்.

ஆனா கரப்பான் தொட்டியால வர்றதில்ல, வேஸ்ட் பைப்பு சுவத்துக்குள்ளயோ தரைக்குள்ளயோ போற எடத்துல சுத்தி ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க, பைப்பு ஒன்றரை இன்ச், ஓட்டை மூணு இன்ச், அங்க இருந்துதான். ஒரு ரப்பர் வாஷரும் சிலிக்கானும் போட்டு அடைங்க. நாத்தமும் பல வீட்ல குப்பையோடது இல்ல, ட்ராப்புக்கு அப்பறம் இருக்கற பிளெக்சிபிள் ஓஸ் டிரைன் பைப்புல சும்மா சொருகி விட்டிருப்பாங்க. தொட்டிய ஒரு நாள் வெளிய வச்சுட்டு கேபினட்ட மூடி வச்சு மோந்து பாருங்க, எதோட வாசனைன்னு தெரிஞ்சுடும்.

சேனல் ரெண்டு வருஷத்துல கரகரங்குது, முழுசா வெளியவும் வரமாட்டேங்குது. மாத்தணுமா?

முழுசா வரலைன்னா அனேகமா உள்ள பேரிங் கூடு எடம் மாறி நிக்குது. பாதி பாதியா இழுத்து இழுத்து பழகினா அந்த கூடு கொஞ்சம் கொஞ்சமா நகந்துடும். தொட்டிய எடுத்துட்டு வெறும் பிரேம ஒரு தடவ கொஞ்சம் பலமா கடைசி வரைக்கும் இழுத்து, அதே மாதிரி உள்ள தள்ளுங்க, டக்குனு ஒரு சத்தம் வந்து சரியாகிடும்.

கரகரன்னா துருவோ, சிந்தின பருப்போ. சிங்க் அடியில ஈரம் எப்பவும் இருக்கும், துத்தநாக முலாம் போட்ட சேனல் வெள்ளையா பூத்து அப்பறம் பழுப்பாகும். துணில தொடச்சுட்டு தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, இல்லன்னா சிலிக்கான் ஸ்ப்ரே. தேங்கா எண்ணெய் விடாதீங்க, ஒரு வாரம் நல்லா ஓடும், அப்பறம் தூசி சேந்து பிசினாகி எறும்பையும் கூப்புடும். பழுப்பு பேரிங் வரைக்கும் போயிருந்தா மாத்துங்க, மாத்தும்போது 304 ஸ்டெயின்லெஸ் கேளுங்க. 35 கிலோ தாங்கும்னு போட்டிருக்கற சேனல் குப்பைக்கு தாராளம், 45 கிலோவுக்கு காசு கூட குடுக்க வேணாம், அந்த காசு ஸ்டீலுக்கு போகட்டும்.

சேனல் வகையிலயே ஷட்டர கூட சேத்து பிக்ஸ் பண்ணி ட்ராயர் மாதிரி பண்ணலாமா? ரெண்டு வேலை மிச்சமாகுமே.

ரெண்டாவது கேள்வில சொன்ன பிராக்கெட் முறை இதுதான். கை ரெண்டும் எச்சியா, மாவா இருக்கும்போது கதவத் திறந்து அப்பறம் தொட்டிய இழுக்கறது ரெண்டு வேலை, ஷட்டர் சேந்து வந்தா கால் விரலால கூட இழுத்துடலாம். ஒத்தக் கதவு கேபினட்ல எனக்கு புடிச்ச முறையே இதுதான், ஹிஞ்ச் இடிக்கற பிரச்சனையும் கெடையாது.

ஆனா ரெண்டு கதவு சிங்க் கேபினட்ல ஒரு கதவு மட்டும் ட்ராயர் ஆகணும். அந்தக் கதவோட அகலம் 450, உங்க பிரேம் 300, அப்ப பிரேம் கதவுக்கு நடுவுல இருக்காது, ஒரு ஓரமா இருக்கும், கைப்பிடிய ஓரத்துல இழுத்தா கதவு லேசா முறுக்கிக்கிட்டு வரும். பிராக்கெட் மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு நாலு இருக்கற மாடல் எடுங்க, கீழ மட்டும் ரெண்டு இருக்கற மாடல்ல 720 உயர கதவோட மேல் பகுதி ஆடிக்கிட்டே இருக்கும். இந்த ஆட்டத்த கடைல தெரியாது, வீட்ல கதவு மாட்டினப்பறம்தான் தெரியும்.

வாடகை வீடு சார், ஓட்டை போட முடியாது. அதுல ஏதாவது வழி?

கதவு மேல கொக்கி மாதிரி தொங்கற சின்ன தொட்டி இருக்கு, ஸ்க்ரூவே வேணாம். 5 லிட்டர்க்கு மேல போகாதீங்க, கொக்கி தடிமனால கதவு மேல ரெண்டு மிமீ திறந்தே நிக்கும், அது ஒண்ணுதான் குறை. இழுக்கற மாதிரிதான் வேணும்னா கடப்பா வீட்டுக்கு சொன்ன பலகை முறைதான், ஆனா பின்னாடி பிளக் அடிக்காம பலகைய பின் சுவர் வரைக்கும் நீட்டி, பின்பக்கம் அஞ்சு கிலோ எடை ஏதாவது வச்சுடுங்க. போன வருஷம் ஒரு வீட்ல பழைய அம்மிக்கல்ல வச்சிருந்தாங்க, நானே போய் இழுத்துப் பாத்தேன், அசையல. காலி பண்ணும்போது பலகையும் தொட்டியும் அம்மியும் ஒரே ஆட்டோல ஏறிடுச்சு.